கூட்ட அறை முன்பதிவு மாற்றம்: 9.10.2025, வியாழக்கிழமை

நிர்வாகப் பிரிவு
கடலூர் சிப்காட் ஆலை
நாள்: 6.10.2025

பெறுநர்: பாதுகாப்புப் பிரிவு மற்றும் கணக்குப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்
நகல்: உற்பத்திப் பிரிவு மேலாளர், கணினிப் பிரிவு, பயிற்சிப் பொறுப்பாளர், வரவேற்பு மேசை, உணவகப் பொறுப்பாளர்

பொருள்: முதல் மாடிக் கூட்ட அறைக்கு ஒரே நாளில் இரு பிரிவுகள் செய்திருந்த முன்பதிவைச் சரிசெய்தல்.

வருகிற வியாழக்கிழமை (9.10.2025) காலை 9.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை, நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியிலுள்ள பெரிய கூட்ட அறை கணக்குப் பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறது. அன்று காலை 10 மணிக்கு அதே அறையில் நடப்பதாக இருந்த பாதுகாப்புப் பிரிவின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டம், நேரத்தில் எந்த மாற்றமும் இன்றி, உணவகத்துக்கு எதிரிலுள்ள பயிற்சிக் கூடத்தில் நடைபெறும். இரு பிரிவுகளின் மேலாளர்களோடும் இன்று காலை பேசி, இருவரின் சம்மதத்துடன் இந்த முடிவு எடுக்கப்பட்டுள்ளது.

இந்தக் குழப்பம் எப்படி நேர்ந்தது என்பதைத் தெரிவிப்பது முறையாகும். பாதுகாப்புப் பிரிவின் மாதக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை நடப்பது வழக்கம். இம்மாதம் முதல் வியாழனான 2-ஆம் தேதி காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் சேர்ந்து வந்த விடுமுறை நாள் என்பதால், அப்பிரிவினர் செப்டம்பர் 22 அன்றே வரவேற்பு மேசைக்கு வந்து, அங்குள்ள பதிவேட்டில் கூட்டத்தை 9-ஆம் தேதிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். அந்த மாற்றத்தைக் கணினி நாட்காட்டியில் ஏற்றியிருக்க வேண்டியது எங்கள் பிரிவின் வேலை, அது செய்யப்படவில்லை. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, கணக்குப் பிரிவினர் நாட்காட்டியைத் திறந்து பார்த்தபோது 9-ஆம் தேதி காலியாகத் தெரிந்ததால், முழு நாளுக்கும் பதிவு செய்தார்கள். இருவர் மீதும் தவறில்லை. பதிவேடு ஒன்றும் நாட்காட்டி ஒன்றுமாக இரண்டையும் நடத்திக்கொண்டு, ஒன்றோடொன்றை ஒப்பிடாமல் விட்டது நிர்வாகப் பிரிவின் குறை, அதற்கு வருந்துகிறோம்.

முதலில் பதிவு செய்தவர்கள் பாதுகாப்புப் பிரிவினர் என்பது மேலே சொன்ன தேதிகளிலிருந்தே விளங்கும். அப்படியிருக்க அவர்களை இடம் மாறச் சொல்வது ஏன் என்ற கேள்வி நியாயமானது. செப்டம்பர் 30-உடன் முடிந்த அரையாண்டுக் கணக்கைப் பார்வையிடச் சென்னையிலிருந்து வரும் தணிக்கையாளர்களுக்குத் தேவையான பற்றுச்சீட்டுகளும் பேரேட்டுக் கோப்புகளும் கூட்ட அறைக்கு அடுத்த அறையின் பீரோக்களில் உள்ளன. அவற்றைக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு, திறந்த முற்றத்தைக் கடந்து பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய் மாலையில் திருப்பிக் கொண்டுவருவது, மழை வரக்கூடிய இந்த நாட்களில் நல்ல யோசனையாகத் தோன்றவில்லை. தணிக்கையாளர்கள் வேறொரு நாளில் வருவதற்கும் வாய்ப்பில்லை என்று தெரிவித்துவிட்டார்கள்.

மறுபுறம், பாதுகாப்புக் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை ஏற்கவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். இடையில் 20-ஆம் தேதி தீபாவளி வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், சென்ற ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் இங்கிருந்தே பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். கூரைத் தகடுகளை இறுக்குவதும், மழைநீர் வடிகால்களைத் தூர் வாருவதும், டீசல் பம்புகளை ஓட்டிப் பார்ப்பதும் முதல் மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே தேதியைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றினோம்.

இடத்தைப் பொறுத்தவரை, இந்த மாற்றம் அக்கூட்டத்துக்கு ஓரளவு வசதியும்கூட. கூட்ட அறையில் 22 நாற்காலிகளே உள்ளன. ஒப்பந்தப் பணியாளர் மேற்பார்வையாளர்களையும் சேர்த்து இம்முறை அழைக்கப்பட்டிருப்பவர்கள் 34 பேர். பயிற்சிக் கூடத்தில் 40 பேர் உட்காரலாம். சுவாசக் கருவியை அணிந்து காட்டும் செய்முறையை எதிரிலுள்ள முற்றத்திலேயே நடத்தலாம் என்பதால், கருவிகளைப் படியேற்றிக் கொண்டுபோக வேண்டிய சிரமமும் இல்லை.

குறை என்று பார்த்தால், பயிற்சிக் கூடத்தில் பெரிய திரை கிடையாது. இணைய இணைப்பும் வலுவாக இல்லை. காலை 11.30 மணிக்குத் தலைமை அலுவலகத்தினர் காணொலி வழியாகக் கலந்துகொள்ள இருப்பதால், பக்கத்திலுள்ள நேரக் காப்பு அலுவலகத்திலிருந்து கேபிள் இழுத்து இணைப்புக் கொடுக்கும்படி கணினிப் பிரிவினரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். புரொஜெக்டர், ஒலிபெருக்கி, காணொலி இணைப்பு மூன்றும் புதன்கிழமை மாலை 4 மணிக்குச் சோதித்துப் பார்க்கப்படும். அந்த நேரத்தில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் உடன் இருந்தால், மறுநாள் காலை கடைசி நேர ஓட்டத்தைத் தவிர்க்கலாம். தேநீர் 11 மணிக்குப் பயிற்சிக் கூடத்துக்கே வந்து சேரும்.

பயிற்சிக் கூடத்தில் வியாழன் காலை நடக்கவிருந்த தொழில் பழகுநர் வகுப்பு, வெள்ளிக்கிழமை (10.10.2025) அதே நேரத்துக்கு மாற்றப்படுகிறது. இதைப் பயிற்சிப் பொறுப்பாளர் மாணவர்களிடம் நேரிலேயே தெரிவித்துவிடுவார்.

கணக்குப் பிரிவினர் இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ளும்படி வேண்டுகிறோம். தணிக்கை ஒரே நாளில் முடியாவிட்டால், வெள்ளிக்கிழமை பெரிய கூட்ட அறை கிடைக்காது. அன்று வாடிக்கையாளர் குழுவின் வருகைக்காக அது முன்பே ஒதுக்கப்பட்டுள்ளது. அதே மாடியில் 8 பேர் அமரக்கூடிய சிறிய அறையை உங்களுக்காக வைத்திருக்கிறோம். அடுத்ததாக, கூட்ட அறையின் வெண்பலகையில் பாதுகாப்புப் பிரிவினர் சென்ற வாரம் வரைந்த ஆலை வடிகால் வரைபடம் உள்ளது. அவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு, புதன்கிழமைக்குள் தாங்களே அழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை அது அப்படியே இருக்கக் கண்டால், அழிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்று முதல் வரவேற்பு மேசைப் பதிவேட்டில் எழுதுவது முன்பதிவாகக் கொள்ளப்படாது. கணினி நாட்காட்டியில் உள்ளதே செல்லும். கணினி வசதி இல்லாத பிரிவினர் வரவேற்பு மேசையில் சொன்னால், அவர்கள் முன்னிலையிலேயே நாட்காட்டியில் பதிவு செய்து, பதிவான நேரத்தைக் காட்டுவார்கள். பழைய பதிவேட்டில் டிசம்பர் முடிய எழுதப்பட்டிருந்த அனைத்தையும் சரிபார்த்து நாட்காட்டியில் ஏற்றிவிட்டோம்; வேறு மோதல் எதுவும் இல்லை. பாதுகாப்புப் பிரிவின் அடுத்த இரு மாதக் கூட்டங்களுக்காக, நவம்பர் 6, டிசம்பர் 4 ஆகிய வியாழக்கிழமைகளில் முற்பகல் முழுவதும் பெரிய கூட்ட அறை உறுதி செய்யப்பட்டுள்ளது. அந்த இரு நாட்களிலும் அப்பிரிவு மேலாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அறை வேறு எவருக்கும் மாற்றித் தரப்பட மாட்டாது.

இந்த ஏற்பாட்டில் இடர்ப்பாடு ஏதும் இருந்தால், செவ்வாய்க்கிழமை (7.10.2025) பிற்பகல் 3 மணிக்குள் உள்தொலைபேசி எண் 214-இல் தெரிவிக்கவும். தணிக்கையாளர்களுக்கான நுழைவுச் சீட்டு முதல் வாயிலில் தயாராக இருக்கும். வாகன எண்ணைக் கணக்குப் பிரிவினர் புதன்கிழமை மாலைக்குள் அனுப்பி வைக்கவும்.

மேலாளர்,
நிர்வாகப் பிரிவு