ஒரு நிமிட ஓட்டம் போதும், மாலதி

அன்புள்ள மாலதி,

வெள்ளிக்கிழமை கோவிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு திரும்புகையில், "ஓட்டத்தை விட்டுவிட்டேன், எனக்கு அது ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு நீ உடனே பேச்சை மாற்றிவிட்டாய். அவ்வளவு கூட்டத்தின் நடுவே அதைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீ சொன்ன அந்தச் சொல் சரியானதன்று என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் காலை ஏழு மணிக்குத்தான் நன்றாக வெளுக்கிறது. நீயோ ஆறரைக்கே, செம்பனை லோரிகள் சாலைக்கு வரும் முன்பே, கையில் டார்ச் விளக்குடன் பழைய தோட்டச் சாலையில் இறங்கிவிட்டாய். கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொடுகிறது என்று சொன்ன மறுவாரமே ஈப்போவுக்குப் போய்க் காலணி வாங்கி வந்தவள் நீ. நாற்பத்தாறு வயதில், யாரும் தட்டி எழுப்பாமல், மூன்று வாரம் அப்படி ஓடியவளுக்கு ஓட்டம் ஒத்துவராது என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உனக்கு ஒத்துவராமல் போனது ஓட்டமன்று, அதன் அளவு. முதல் நாளே நிற்காமல் இரண்டு கிலோமீட்டர், மூன்றாம் வாரத்தில் நான்கு கிலோமீட்டர், அதுவும் வாரத்தில் ஐந்து நாள். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடுவதால், இன்னும் கொஞ்சம் ஓடலாம் என்ற துணிவு சீக்கிரம் வந்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் தசைநாண்களும் உறுதிப்பட அதைவிட நெடுங்காலம், பல மாதங்கள்கூட, ஆகும். மூச்சு முன்னே போய், எலும்பு பின்தங்கிய அந்த இடைவெளியில்தான் உனக்கு முன்னங்கால் வலி வந்தது. புதிதாக ஓடுபவர்கள் பலருக்கும் இது வருகிறது. நம் அப்பாமார் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பார். கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மரத்தின் சுற்றளவு போதுமா என்று அளந்து பார்த்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். அதற்கு முன் வெட்டினால் மரம் வளர்ச்சி குன்றிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் வாரத்தில் நீ மூன்று கிலோமீட்டர் ஓடினேன் என்று படம் அனுப்பியபோது, நிதானமாகப் போ என்று சொல்லாமல் வெறுமனே பாராட்டியதற்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

இப்போது நான் கேட்பது மிகச் சிறியது. வாரத்தில் மூன்று நாள் மட்டும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு வருவோம். ஐந்து நிமிடம் நடந்த பிறகு, ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, ஒன்றரை நிமிடம் நடக்க வேண்டும். இதை நான்கு முறை செய்தால் பத்து நிமிடம் முடிந்துவிடும். ஓடும்போது என்னோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால்தான் அது சரியான வேகம். பேச முடியாவிட்டால் இன்னும் மெதுவாக ஓடுவோம், நடப்பவர்கள் நம்மைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் வலியில்லாமல் போன பிறகே ஐந்தாவது முறையைச் சேர்ப்போம். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் உலராது, உடற்சூடும் சீக்கிரம் தணியாது; ஆகையால் முன்பு ஓடியதைவிட மூச்சு வாங்கும் நாள்களும் வரும், அன்று ஓட்டத்தைக் குறைத்து நடப்போம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கில் விரைவான நடையும் சேரும் என்பதால், நடந்த நாளையும் நீ தைரியமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. எலும்பின் மேல் விரலால் அழுத்தும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, சும்மா நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடு. எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தால் அது ஆறும்வரை ஓடக்கூடாது. நான் உடன் வருகிறேன்.

அப்படி வலி ஏதும் இல்லையென்றால், செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகாலுக்குத் தமிழ்ப்பள்ளித் திடலின் வாசலில் காத்திருக்கிறேன். தார்ச்சாலையைவிடப் புல்தரை காலுக்கு மெத்தென்று இருக்கும். ஏழு மணிவரை வெளிச்சமும் இருக்கும். மழை பெய்தால் புதன்கிழமைக்கு மாற்றிக்கொள்வோம். அந்த ஈப்போ காலணியை அலமாரியிலிருந்து எடுத்து வாசலில் வைத்துவிடு. நான் தண்ணீர் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சாந்தி