செல் பகுப்பு: எந்த நிலையில் எத்தனை குரோமோசோம்? (தேர்வுக்கான குறிப்பு)

இந்தப் பாடத்தில் மார்க் போவது நிலைகளின் பெயரில் இல்லை, எண்ணிக்கையில்தான். அதனால் படத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பின்தொடர்கிறேன். எடுத்துக்காட்டு வெங்காயம், 2n = 16.

முதலில் எண்ணும் விதி. குரோமோசோமை எண்ண வேண்டுமென்றால் சென்ட்ரோமியரை எண்ணு, அவ்வளவுதான். கை எத்தனை, குரோமாட்டிட் எத்தனை என்று பார்க்காதே. ஒரு சென்ட்ரோமியரில் இரண்டு குரோமாட்டிட் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது ஒரே குரோமோசோம். குரோமாட்டிட் எண்ணிக்கை தனிக் கணக்கு, டி.என்.ஏ. மூலக்கூறு எத்தனை என்பதை அது சொல்லும்.

இன்டர்ஃபேஸ்: ஜி1-ல் 16 குரோமோசோம், 16 டி.என்.ஏ. மூலக்கூறு, அளவு 2C. எஸ் நிலையில் டி.என்.ஏ. இரட்டிக்கிறது, ஆனால் குரோமோசோம் 16-தான்! இங்கேதான் பாதிப் பேர் 32 என்று எழுதிவிடுகிறார்கள். இரட்டித்தது குரோமாட்டிட், 16 குரோமோசோம், 32 குரோமாட்டிட், 4C. ஜி2-லும் அதே.

மைட்டாசிஸ். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ் இரண்டிலும் மேலே சொன்னது அப்படியே, 16 / 32. இடம் மட்டும் மாறுகிறது, மெட்டாஃபேஸில் எல்லாம் செல்லின் நடுத்தளத்தில் வந்து நிற்கும். அனாஃபேஸில்தான் எண் தாவுகிறது. சகோதரி குரோமாட்டிட்கள் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் தனி சென்ட்ரோமியர் ஆனதும், விதிப்படி ஒவ்வொன்றும் முழுக் குரோமோசோம், அதனால் செல்லுக்குள் 32. டி.என்.ஏ. அதே 4C, புதிதாக எதுவும் உண்டாகவில்லை, இருந்ததைப் பிரித்து எண்ணுகிறோம். டீலோஃபேஸில் ஒவ்வொரு உட்கருவிலும் 16, ஆனால் செல் இன்னும் பிரியவில்லை என்றால் செல்லுக்கு 32. கேள்வியில் 'செல்லில்' என்று இருக்கிறதா 'உட்கருவில்' என்று இருக்கிறதா, பார்த்து எழுது. சைட்டோகைனசிஸ் முடிந்ததும் இரண்டு செல், தலா 16, 2C.

மியாசிஸ் I. இங்கே நிதானமாகப் போக வேண்டும். புரோஃபேஸ் I-ல் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து 8 பைவேலண்ட் ஆகின்றன. அதற்காகக் குரோமோசோம் 8 ஆகிவிடவில்லை, சென்ட்ரோமியர் இன்னும் 16, குரோமாட்டிட் 32. குறுக்கேற்றம் நடந்தாலும் எண்ணில் ஒன்றும் மாறாது, துண்டுகள்தான் இடம் மாறுகின்றன. மெட்டாஃபேஸ் I-ல் நடுத்தளத்தில் 8 ஜோடிகள்.

அனாஃபேஸ் I: சென்ட்ரோமியர் பிரிவதில்லை. முழுக் குரோமோசோமே, இரண்டு குரோமாட்டிட்டோடு, ஒரு துருவத்துக்குப் போகிறது. எனவே செல்லில் மொத்தம் 16-தான், துருவத்துக்கு 8. மைட்டாசிஸ் அனாஃபேஸோடு குழப்பிக்கொண்டு 32 போட்டால் போச்சு. செல் பிரிந்ததும் தலா 8 குரோமோசோம், 16 குரோமாட்டிட், 2C. எண்ணிக்கை பாதியாவது இங்கேதான், மியாசிஸ் II-ல் இல்லை. ஒருமடியம் ஆகிவிட்டாலும் டி.என்.ஏ. இன்னும் 2C என்பதால் இந்த இடத்தில் n-ஐயும் C-ஐயும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

இன்டர்கைனசிஸில் எஸ் நிலை கிடையாது, அதனால் டி.என்.ஏ. மறுபடி இரட்டிப்பதில்லை.

மியாசிஸ் II மைட்டாசிஸ் மாதிரியே, பாதி எண்ணோடு. புரோஃபேஸ் II, மெட்டாஃபேஸ் II: 8 / 16. அனாஃபேஸ் II-ல் சென்ட்ரோமியர் பிரிந்து 16 / 16. கடைசியில் நான்கு செல், தலா 8, தலா C.

ஒரு வேடிக்கை: அனாஃபேஸ் II செல்லும் ஜி1-ல் இருக்கும் உடல் செல்லும் இரண்டுமே 16 குரோமோசோம், 16 டி.என்.ஏ., 2C. எண்ணை மட்டும் கொடுத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. உடல் செல்லில் ஒத்த ஜோடிகள் இருக்கும். அனாஃபேஸ் II-ல் இருப்பது ஒரே தொகுதியின் இரண்டு நகல், அதுவும் குறுக்கேற்றத்தால் சில துண்டுகள் மாறியவை.

பிரியாமை வந்தால்: மனிதனில் (2n = 46) அனாஃபேஸ் I-ல் ஒரு ஜோடி பிரியாவிட்டால் நான்கு பாலணுக்கள் 24, 24, 22, 22. அனாஃபேஸ் II-ல், ஒரு செல்லில் மட்டும் நடந்தால் 24, 22, 23, 23. 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக உள்ள 24, சாதாரண 23-உடன் சேர்ந்தால் 47, டவுன் நோய்க்குறி.

மாதிரிக் கேள்வி: மெட்டாஃபேஸ் II-ல் ஒரு செல்லில் 12 குரோமோசோம். உடல் செல்லின் ஜி2-ல் எத்தனை குரோமாட்டிட்? மெட்டாஃபேஸ் II-ல் இருப்பது n, எனவே n = 12, 2n = 24 (நெல்லுக்கு இதுதான்). ஜி2-ல் 24 குரோமோசோம், ஆளுக்கு இரண்டு குரோமாட்டிட், விடை 48. அதே செல் மைட்டாசிஸ் அனாஃபேஸுக்குப் போனால் 48 குரோமோசோம்.