தரம் 10: மூன்று தவணைப் பரீட்சைகளில் நிலை மாற்றம்

மாணவர் 34 பேர். 9 பாடங்கள், மொத்தப் புள்ளி 900. அதிகம் ஏறி இறங்கியவர்கள் மட்டும் இங்கே. பெயருக்குப் பதில் இடாப்பு இலக்கம்.

| இடாப்பு இல. | 1ஆம் தவணை | 2ஆம் தவணை | 3ஆம் தவணை | மாற்றம் |
|---|---|---|---|---|
| 7 | 26 | 17 | 9 | ▲ 17 |
| 21 | 19 | 20 | 8 | ▲ 11 |
| 3 | 30 | 24 | 22 | ▲ 8 |
| 28 | 6 | 5 | 13 | ▼ 7 |
| 12 | 4 | 9 | 15 | ▼ 11 |

மாற்றம் என்பது 1ஆம் தவணை நிலையிலிருந்து 3ஆம் தவணை நிலையைக் கழித்தது.

7ஆம் இலக்கத்தின் ஏற்றம் முழுக்கக் கணிதத்தால் வந்தது: 31 புள்ளி 58 ஆனது. பாடசாலை விட்ட பிறகும் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை லயத்துக்குப் போகும். மனம் நிறைந்து போயிற்று.

12ஆம் இலக்கத்தின் பெற்றோர் பதற வேண்டாம். மொத்தத்தில் குறைந்தது 14 புள்ளிதான். நடுவில் பலர் ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் நெருங்கி நிற்பதால் நிலை இவ்வளவு இறங்கித் தெரிகிறது. பிள்ளையை ஏசாமல் புள்ளி அட்டையைப் பாருங்கள்.

28ஆம் இலக்கம் விஞ்ஞானத்தில் மட்டும் சறுக்கியது. மாலை வகுப்புக்கு நின்றால் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுகிறது. சரி, அடுத்த தவணையிலிருந்து அந்த வகுப்பைக் காலை 7 மணிக்கு வைக்கிறேன்.

வகுப்பாசிரியர், ஹட்டன்