பம்ப் 2 சீல் மாற்றும் பணி முடிக்கப்படவில்லை என்ற பதிவைத் திருத்தக் கோரி

விடுநர்:
மெக்கானிக், டோக்கன் எண் 286,
இரண்டாம் ஷிப்ட், இயந்திரப் பராமரிப்புப் பிரிவு.

பெறுநர்:
மேற்பார்வையாளர் அவர்கள்,
இயந்திரப் பராமரிப்புப் பிரிவு.

நாள்: 15.03.2025

பொருள்: பணி ஆணை 4417 – குளிர்நீர்ப் பம்ப் 2-இன் மெக்கானிக்கல் சீல், பேரிங் மாற்றம் – `Incomplete` என்ற பதிவைத் திருத்துவது குறித்து.

ஐயா,

வணக்கம். 12.03.2025 இரண்டாம் ஷிப்டில் நான் செய்து முடித்த மேற்கண்ட பணி, கணினியில் `Incomplete` என்று நிற்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 13-ஆம் தேதி காலை 7.40 மணிக்கு முதல் ஷிப்ட் ஆய்வில், "பம்ப் 2 ஓடும்போது சீலில் தண்ணீர் சொட்டுகிறது" என்று கண்டது ஒன்று. 9-ஆம் படியான இரண்டு மணி நேர ஓட்ட அளவீடு காலியாக இருப்பது இன்னொன்று. முதலாவது வேறொரு பம்ப்பைப் பார்த்து எழுதியது. இரண்டாவதில் அளவீடு எடுத்தாகிவிட்டது, கணினியில்தான் ஏறவில்லை. இரண்டையும் ஆதாரத்தோடு கீழே தருகிறேன்.

இதன் அடிப்படையில் வரும் திங்கட்கிழமை, 17-ஆம் தேதி, பம்ப் 2-ஐ மறுபடி பிரிக்க மறுபணி ஆணை போடப்பட்டிருக்கிறது. ஆகவே பதிவைத் திருத்துவதற்கு முன்பே அந்த ஆணையை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றாக உட்கார்ந்து ஓடிய சீலைப் பிரித்தால் கார்பன் முகத்தில் ஏற்பட்டிருக்கும் பொருத்தம் போய்விடும். ஓடிப் பழகிய முகங்களை அப்படியே திருப்பி மாட்டினால் ஒழுகாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புது சீல்தான் போட வேண்டிவரும். ஒழுகாத பம்ப்பை ஒழுக வைக்கிற வேலையாக அது முடியும்.

முதலில் ஆய்வில் கண்ட கசிவு. பம்ப் அறையில் வாசலிலிருந்து உள்ளே போகும்போது பம்ப்புகள் 1, 3, 2 என்ற வரிசையில் இருக்கின்றன. நடுவில் காலியாக இருந்த மேடையில் பம்ப் 3-ஐப் பின்னாளில் கொண்டுவந்து வைத்ததால் இந்த வரிசை. அதன் எண் தகட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டதால் எண் தெரிவதில்லை. வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு போகிறவர் இரண்டாவதாக நிற்பதைப் பம்ப் 2 என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆய்வு செய்தவரை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் யாருக்கும் வரக்கூடிய தவறு இது.

ஆய்வுக் குறிப்போடு இணைத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடத்தில் இரண்டு ஸ்டட், இரண்டு நட், அவற்றுக்கு நடுவில் கிளாண்ட் தெரிகிறது. கிளாண்டுக்கும் உறைக்கும் இடையில் பேக்கிங் கயிற்றின் ஓரமும் தெரிகிறது. பம்ப் 2-இல் கிளாண்ட் பேக்கிங்கே கிடையாது. அதில் இருப்பது மெக்கானிக்கல் சீல். அதன் சீல் தகடு நான்கு போல்ட்டில் உறையோடு ஒட்டி நிற்கும், பேக்கிங் தெரிய இடமே இல்லை. மூன்று பம்ப்புகளில் பேக்கிங் போட்டது பம்ப் 3 ஒன்றுதான்.

இன்னொரு ஆதாரம் கட்டுப்பாட்டு அறை ஓட்டப் பதிவேட்டில் இருக்கிறது. 13-ஆம் தேதி காலை 6.10-க்குப் பம்ப் 2 நிறுத்தப்பட்டு, பம்ப் 3 ஓட்டத்துக்கு எடுக்கப்பட்டது. வாராந்தர மாற்று முறைப்படி நடந்த மாற்றம் அது. 7.40-க்குப் பம்ப் 2 ஓடவே இல்லை. ஓடாத பம்ப்பில் "ஓடும்போது சொட்டுவதை" யாரும் பார்த்திருக்க முடியாது.

பம்ப் 3-இல் சொட்டுவதும் பழுது அல்ல. பேக்கிங் போட்ட பம்ப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 60 சொட்டு விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்குக்கும் ஷாஃப்ட் ஸ்லீவுக்கும் இடையில் குளிர்ச்சி தருகிறது. கசிவை நிறுத்துவதாக நினைத்து யாராவது கிளாண்ட் நட்டை இறுக்கினால், கொஞ்ச நேரத்திலேயே பேக்கிங் காய்ந்து கருகும், ஸ்லீவில் பள்ளம் விழும். அதற்குப் பிறகு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசிவு நிற்காது. ஸ்லீவையே மாற்ற வேண்டியதாகிவிடும். எனவே அந்த நட்டில் கை வைக்க வேண்டாம் என்று எல்லா ஷிப்டுக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி, 12-ஆம் தேதி செய்த வேலை. மதியம் 2.20-க்குப் பெர்மிட் வாங்கினேன். பிரேக்கரை இறக்கி எனது பூட்டு (எண் 17) போட்டேன். இரு பக்க வால்வுகளையும் மூடி டேக் கட்டி, உறைத் தண்ணீரை வடித்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்தேன். பூட்டுப் பதிவேட்டில் போட்ட நேரமும் எடுத்த நேரமும் இருக்கின்றன.

கப்ளிங்கின் ஸ்பேசரைக் கழற்றி, மோட்டாரை நகர்த்தாமல் பம்ப்பின் சுழலும் பகுதியை மட்டும் பின்பக்கமாக உருவினேன். பழைய சீலின் கார்பன் முகத்தில் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. முகம் தேய்ந்து போயிருந்தால் வேறு கதை. ஓரம் உடைந்திருப்பது ஷாஃப்ட் ஆடியதற்கான அடையாளம். கையால் அசைத்துப் பார்த்தபோது கப்ளிங் பக்க பேரிங்கில் ஆட்டம் தெரிந்தது. சீலை மட்டும் மாற்றியிருந்தால் சில வாரங்களில் அதே இடத்துக்கே வந்திருப்போம். பணி ஆணையில் பேரிங்கும் சேர்த்து எழுதியிருந்தது சரியான முடிவு.

6309 பேரிங் இரண்டையும் இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கி ஏற்றினேன். சுத்தியல் படவில்லை. ஆறிய பிறகு ஷாஃப்ட்டின் சீல் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்துச் சுழற்றியதில் ரன்-அவுட் 0.03 மி.மீ. இருந்தது. நமது செக்லிஸ்ட் அனுமதிப்பது 0.05. சீல் முகங்களை நூல் விடாத துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஓ-ரிங்குக்கு மட்டும் மெல்லிய சிலிகான் கிரீஸ் போட்டேன், முகத்தில் எதுவும் தடவவில்லை. ஸ்லீவின் உள் ஓ-ரிங் இறுகிப் போயிருந்ததால் அதையும் மாற்றினேன். அந்த ஒரு பொருள் பணி ஆணையில் இல்லை. ஸ்டோர் சீட்டில் தனி வரியாக இருக்கும். உறை போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் முறுக்கி, எண்ணெயைக் கண்ணாடியின் நடுக்கோடு வரை ஊற்றினேன்.

மோட்டார் நகராவிட்டாலும் அலைன்மென்ட் சரிபார்த்தேன். சுற்று விலகல் 0.04 மி.மீ., முக விலகல் 0.03 மி.மீ. அளவீட்டுத் தாளில் நான்கு நிலைகளின் எண்களும் இருக்கின்றன. கப்ளிங் காவலை மாட்டி, பூட்டை எடுத்து, 6.40-க்குப் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

காற்றை வெளியேற்றிய பின் 6.55-க்குப் பம்ப் ஓட்டப்பட்டது. முதல் பத்து நிமிடம் சீல் தகட்டின் அடியில் ஓரிரு சொட்டு இருந்தது. பிறகு துணியை ஒற்றி எடுத்தாலும் ஈரம் இல்லை. 7 மணி, 8 மணி, 9 மணி அளவீடுகளில் அதிர்வு விநாடிக்கு 1.6, 1.5, 1.5 மி.மீ. வேலைக்கு முன் இதே புள்ளியில் 5.8 இருந்தது. பேரிங் சூடு 41, 52, 54 டிகிரி. கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரிதான் ஏறியிருக்கிறது, சூடு நிலைக்கு வந்துவிட்டது என்பது தெரிகிறது. மோட்டார் 34 ஆம்பியர் எடுத்தது. அது 22 கிலோவாட் மோட்டார், பெயர்ப்பலகையில் இருப்பது 40 ஆம்பியர்.

இந்த 9 மணி அளவீடுதான் 9-ஆம் படி கேட்பது. அதை டேப்லெட்டில் 9.10-க்குப் பதிந்தேன். பம்ப் அறையில் சிக்னல் கிடைக்காததால் `Sync pending` என்று காட்டியது. ஷிப்ட் முடிந்து டேப்லெட்டை ஒப்படைத்தபோது என் கணக்கிலிருந்து வெளியேறினேன். ஏறாமல் இருந்த பதிவு அதோடு அழிந்துவிட்டது. ஏறிவிட்டதா என்று பார்க்காமல் கொடுத்தது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எண்கள் காகித அளவீட்டுத் தாளில் இருக்கின்றன. அதில் இரண்டாம் ஷிப்ட் பொறுப்பாளர் இரவு 9.30-க்குக் கையொப்பம் இட்டிருக்கிறார். கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் உள்ள ஆம்பியர் எண்ணோடும் அவற்றை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அளவீட்டுத் தாள், பெர்மிட், ஸ்டோர் சீட்டு, ஓட்டப் பதிவேட்டின் 12, 13-ஆம் தேதிப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய சீலும் பேரிங்குகளும் பையில் போட்டு, பணி ஆணை எண் எழுதி, பணிமனை அலமாரியில் இருக்கின்றன. பழைய பொருட்களை வீசிவிடும் நாளுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தங்களிடம் நான் கேட்பவை: பணி ஆணை 4417-ஐ 12.03.2025 இரவு 9 மணிக்கு முடிந்ததாக மாற்ற வேண்டும், 9-ஆம் படியைக் காகிதத் தாளைப் பார்த்து நிரப்ப வேண்டும். மறுபணி ஆணையை ரத்து செய்ய வேண்டும். என் மாதப் பணிப் பதிவில் ஏறியிருக்கும் நிலுவைக் குறியை நீக்க வேண்டும். பதிவு தாமதமானதற்குத் தனியாகக் குறிப்பு எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. வேலை முடியவில்லை என்று எழுதுவதுதான் உண்மைக்கு மாறானது.

எழுத்தைப் படித்து முடிவு செய்வதைவிட நேரில் பார்ப்பது எளிது. திங்கட்கிழமை மதியம் 2 மணிக்கு, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், பம்ப் அறைக்குத் தாங்களும் ஆய்வு செய்தவரும் வர இயன்றால் பம்ப் 2-ஐ அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுகிறேன். சீல் தகட்டின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைப்போம். ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கே நானே பிரித்துச் சரி செய்கிறேன். பம்ப் 3-இன் எண் தகட்டைச் சுரண்டித் துடைக்கவும், மூன்று மேடைகளிலும் பெரிய எண் எழுதவும் அதே நேரத்தில் அனுமதி கொடுத்தால் பெயின்ட்டும் தூரிகையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மெக்கானிக், டோக்கன் எண் 286

நகல்: இரண்டாம் ஷிப்ட் பொறுப்பாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.