அடிப்பதா, விடுவதா: மே 25 யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸுக்கு என் விதிகள்

எழுதியது: ஏப்ரல் 28, 2025. தேர்வுக்கு முந்தைய நாள் இரவு ஒருமுறை, காலையில் வழியில் ஒருமுறை படிக்க வேண்டும். ஹாலுக்குள் யோசித்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இங்கேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவைக்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். சரி என்றால் 2, தவறு என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.67 போகும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் நான்கு கேள்விக்கு ஒன்று சரி: 2 வரும், 2 போகும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு ஆப்ஷனை நீக்கிவிட்டு அடித்தால் கேள்விக்குச் சராசரியாக 0.67 லாபம். இதைச் சொல்லித்தான் போன வருடம் ஹாலில் 94 கேள்விக்கு ஷேடு செய்தேன். டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் பழகிய கைக்கு வட்டத்தை வெறுமனே விட மனசு வராது, அதுவும் ஒரு காரணம். கணக்கு தப்பில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை என்பதுதான் சிக்கல். பிடித்த விடையை அடிக்கிறேன். கேள்வி எடுப்பவருக்கும் எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

ஜனவரி முதல் இப்போது வரை 14 மாக் டெஸ்ட், 1,400 கேள்வி. அதில் 3 டெஸ்ட் பார்க்காமல் ஒதுக்கிவைத்திருந்த பழைய அசல் வினாத்தாள்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடை அடிப்பதற்கு முன்பே வினாத்தாள் ஓரத்தில் ஒரு குறி போட்டேன். தெரியும் என்றால் டிக். இரண்டு ஆப்ஷன் மிச்சம் என்றால் 2, மூன்று மிச்சம் என்றால் 3, எதுவும் நீங்கவில்லை என்றால் 0. விடைத்தாள் பார்த்தபிறகு குறி போட்டால் அது பதிவே இல்லை, சுயபுராணம்.

வந்த எண்ணிக்கை:

டிக்: 560 கேள்வி, 482 சரி (86%).
2: 378 கேள்வி, 214 சரி (57%).
3: 196 கேள்வி, 58 சரி (30%).
0: 98 கேள்வி, 19 சரி (19%).
அடிக்காமல் விட்டது: 168.

டெஸ்டுக்குச் சராசரி 88.6 மதிப்பெண். இந்த ஐந்து வரியோடு நிறுத்தியிருந்தால் விதி சுலபம்: 2 அடி, 3 பார்த்து அடி, 0 விடு. பிரித்துப் பார்த்தபோதுதான் 2 என்ற குறியே பல இடத்தில் பொய் என்று தெரிந்தது.

0 குறி: விடு. நான்கில் ஒன்று என்றால் 25% வர வேண்டும். எனக்கு வந்தது 19%. அதாவது ஒன்றுமே தெரியாதபோது என் உள்ளுணர்வு, சோழி உருட்டுவதைவிட மோசம். கலை, பண்பாட்டுக் கேள்விகளில் இது உச்சம்: 26 அடித்து 3 சரி. எங்கோ கேட்ட பெயர் ஒன்று ஆப்ஷனில் இருக்கும், கை அங்கே போகும். 98 கேள்வி என்பது பெரிய எண்ணிக்கை இல்லை, 19-க்குப் பதில் 24 வந்திருக்கவும் கூடும். வந்திருந்தாலும் லாபம் பூஜ்யம்தானே. கேள்வி எண்ணின் மேல் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர வேண்டும்.

'எத்தனை சரி' வகை: இரண்டு கூற்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அடி. என் பெரிய ஓட்டை இதுதான். 2023 தாளில் இந்த வகை கொத்துக் கொத்தாக வந்தது. 'ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை' என்று ஆப்ஷன் இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு டெஸ்டில் வந்தது இது. அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகியவற்றில் எத்தனை நாடுகள் காஸ்பியன் கடலை ஒட்டியவை? பாகு நகரம் காஸ்பியன் கரையில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் அஜர்பைஜான் உறுதி. மற்ற இரண்டும் 'அந்தப் பக்கம்தான்' என்ற நினைப்பு. ஓரத்தில் 2 என்று குறி போட்டு, 'மூன்றும்' அடித்தேன். உஸ்பெகிஸ்தானுக்கு எந்தப் பக்கமும் கடல் இல்லை, அதைச் சுற்றியுள்ள நாடுகளும் பெருங்கடல் பார்க்காதவை. விடை இரண்டு.

இதே கேள்வி பழைய பாணியில் '1 மற்றும் 3 மட்டும்', '2 மட்டும்' என்று வந்திருந்தால், பாகு ஒன்றைத் தெரிந்துகொண்டே இரண்டு ஆப்ஷனைத் தட்டிவிடலாம். 'எத்தனை' என்று கேட்டால் பாகுவால் நீங்குவது 'எதுவுமில்லை' ஒன்றுதான். மூன்று மிச்சம் இருக்கும்போது 2 என்று குறி போட்டு என்னையே ஏமாற்றியிருக்கிறேன்.

2 குறி போட்ட 378-ல் இந்த வகை 88, சரி 29. அதையும் பிரித்தேன். இரண்டு கூற்று உறுதியாக இருந்தவை 34, சரி 19. ஒன்றே ஒன்று உறுதியாக இருந்தவை 54, சரி வெறும் 10. ஒன்று தெரிந்தால் நடுவில் உள்ள 'இரண்டு மட்டும்' அடி, நிகழ்தகவு அதற்குத்தான் அதிகம் என்று அறைத்தோழி சொல்வாள். அந்த 54-ல் 31 முறை அதைத்தான் அடித்திருக்கிறேன், சரியானது 7. எனவே அவள் விதி அவளுக்கு.

கூற்றுகளைச் சேர்த்துக் கேட்கும் பழைய வகை: 2 குறி என்றால் கண்டிப்பாக அடி. 171-க்கு 113 சரி. இங்கே பயந்து விட்டால் அது நஷ்டம். நேரடிக் கேள்விகளும் அப்படியே, 72-க்கு 46. கூற்று-I, கூற்று-II வகை 47-க்கு 26, அடிக்கலாம். ஆனால் 47 வைத்துக்கொண்டு ரொம்பப் பேச முடியாது. முப்பதுக்குக் குறைவான பதிவு இருந்தால் விதியே எழுதவில்லை, புத்தகக் கணக்குப்படி போக வேண்டியதுதான்.

ஒரு தள்ளுபடியும் உண்டு. பயிற்சி நிறுவனங்களின் டெஸ்டில் தவறான ஆப்ஷன்கள் பல்லிளிக்கும், நீக்குவது சுலபம். அங்கே 2 குறி 294-க்கு 173 சரி, 59%. அசல் தாள்களில் 84-க்கு 41, 49% தான். அசல் தேர்வில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். அப்போதும் கேள்விக்கு 0.6-க்கு மேல் லாபம் என்பதால் விதி மாறவில்லை.

3 குறி: பாடத்தைப் பார். அரசியலமைப்பு, பொருளாதாரம், புவியியல் மூன்றும் சேர்த்து 103-க்கு 38 சரி. அடி. மற்றவை 93-க்கு 20. விடு. சுற்றுச்சூழலில் ஒரு விலங்கின் பெயர் பரிச்சயமாக இருந்தாலும் விடு.

'மட்டுமே', 'எல்லா', 'ஒருபோதும்' வந்தால் அந்தக் கூற்று தவறு என்ற தந்திரத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுகிறேன். அதை மட்டும் நம்பி 44 கூற்றை நீக்கியிருக்கிறேன், அதில் 17 உண்மையான கூற்றுகள். பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும் என்ற கூற்றை, 'மட்டுமே' இருக்கிறதே என்று ஒருமுறை அடித்துப்போட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். படித்ததை நம்பாமல் தந்திரத்தை நம்பியதற்கு அந்த 0.67 நியாயமான அபராதம்.

விடையை மாற்றுவது: 11:20 வரை, காரணம் சொல்ல முடிந்தால் மட்டும். மொத்தம் 63 முறை மாற்றியிருக்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் மாற்றிய 38-ல் 24 தவறிலிருந்து சரிக்குப் போனது, 7 சரியிலிருந்து தவறுக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் மாற்றிய 25-ல் கதையே தலைகீழ்: 5 தேறியது, 14 கெட்டது. இதனால் மட்டும் டெஸ்டுக்கு 1.7 மதிப்பெண் போயிருக்கிறது. ஓ.எம்.ஆர். தாளில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் அடித்ததை அழிக்கவும் முடியாது. ஆகவே இதன் நடைமுறைப் பொருள்: 11:20 வரை வினாத்தாளில் மாற்றலாம், ஷேடு செய்த வட்டத்தைத் தொடக் கூடாது. முதல் சுற்றில் டிக் போட்டவற்றை மட்டும் உடனே ஷேடு. மற்றவை இரண்டாம் சுற்றில், 10:40-க்கு மேல்.

எத்தனை அடித்தேன் என்று எண்ணக் கூடாது. 85 அடிக்க வேண்டும், 90 அடிக்க வேண்டும் என்று ஹாலுக்கு வெளியே பேசுவார்கள், காதில் வாங்க வேண்டாம். இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரே ஒரு கணக்கு: டிக் ஒன்றுக்கு 1.6, 2 குறி ஒன்றுக்கு 0.6. டிக் 45, 2 குறி 25 என்றால் 72-ம் 15-ம் சேர்ந்து 87. குறைவாக வந்தாலும் பதற வேண்டியதில்லை. பொதுப் பிரிவு கட் ஆஃப் 2022-ல் 88.22, கடினமாக வந்த 2023-ல் 75.41. எனக்கு டிக் குறைந்தால் ஊருக்கே குறைந்திருக்கலாம். கணக்கு 70-க்குக் கீழே போனால் மட்டும் 0 குறிக் கேள்விகளைத் திறக்கலாம். அப்போதும் உள்ளுணர்வைக் கேட்காமல் எல்லாவற்றுக்கும் 'பி'. இருபது கேள்வி அப்படி அடித்தால் சராசரி லாபம் பூஜ்யம்தான், ஆனால் ஐந்து மதிப்பெண் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். எப்படியும் தேறாத நிலையில் ஏறும் பக்கம்தான் கணக்கு.

மதியம் சிசாட்டுக்கு இந்த விதிகள் வேண்டாம். 80 கேள்வி, சரிக்கு 2.5, தவறுக்கு 0.83, தேற 33%, அதாவது 66. நம்பிக்கையோடு 45 அடித்து 34 சரியானாலே 75-க்கு மேல். அதைத் தாண்டினால் பேனாவை மூடி வை.

பின்குறிப்பு, மே 12: பழைய பதிவுக்கே விதியைப் போட்டுப் பார்த்தால் டெஸ்டுக்கு மூன்றரை மதிப்பெண் கூடுகிறது. அது தைத்த சட்டையை அளவெடுத்த உடம்புக்கே போட்டுப் பார்ப்பது மாதிரி, எதையும் நிரூபிக்காது. அதனால் மே 4, மே 11 இரண்டு நாளும் புது டெஸ்ட் எழுதினேன். முதலாவதில் 54 சரி, 23 தவறு, 92.67. இரண்டாவதில் 52 சரி, 25 தவறு, 87.33. இரண்டாவதில் 0 குறி போட்ட நான்கு கேள்விகளை 11:25-க்குத் திரும்பிப் போய் அடித்திருக்கிறேன், நான்கும் தவறு. பெருக்கல் குறி சின்னதாக இருந்தது, கண் திரும்ப அங்கே போய்விட்டது. இனி கேள்வி முழுவதையும் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.