14-ம் தேதி சனிக்கிழமை, எங்கள் வீட்டில்

மக்களே,

விசேஷம் எதுவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "என்ன விஷயம், என்ன விஷயம்" என்று தனித்தனியாக எட்டு போன் வரும். பிறந்தநாள் இல்லை, கல்யாண நாள் இல்லை, யாருக்கும் பதவி உயர்வும் இல்லை. எல்லோரும் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், அவ்வளவுதான். வருகிற சனி இல்லை, அதற்கு அடுத்த சனி, 14-ம் தேதி. ஆறு மணியிலிருந்து.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம் எங்கள் சாப்பாட்டு மேசை. போன வருடம் ஆசை ஆசையாக வாங்கினோம். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம் என்று கடைக்காரர் சொன்னார். உட்காரலாம்தான். ஆனால் இன்றுவரை அதன் ஒரு மூலையில் நானும் அவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மீதி மேசையில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணிமலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டபோதுதான், பழைய ஆபீஸ் நாலாவது மாடியில் நாலு பேர் மேசையில் எட்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டது ஞாபகம் வந்தது. நமக்கு அப்போது இடம் இல்லை, ஆள் இருந்தது. இப்போது தலைகீழ்.

நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் வெளியே சந்திக்கலாம் என்று திட்டம் போட்டோமே, எந்த ஹோட்டல் என்று ஓட்டெடுப்பு நடத்தி, ஓட்டு சமமாகி, மறுபடி நடத்தி, கடைசியில் யாரும் எங்கும் போகவில்லை. அதனால் இந்த முறை ஜனநாயகம் கிடையாது. நாள், நேரம், இடம் மூன்றையும் நானே முடிவு செய்துவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கும். வேலை முடித்து ஏழரைக்கு வருபவர்கள் ஏழரைக்கு வாருங்கள். சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். அரை மணி நேரம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தால் அதுவும் சரி, "வந்ததும் கிளம்பினால் என்ன நினைப்பாளோ" என்று யோசித்து வராமல் இருந்துவிடாதீர்கள். இன்னொரு பக்கம், நள்ளிரவு வரை பேசிக்கொண்டே இருப்பவர்கள் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு இரண்டு பாயும் தலையணைகளும் தயாராக இருக்கும்.

சாப்பாடு வீட்டில்தான், பெரிதாக எதுவும் இல்லை. நானும் அவரும் சேர்ந்து சமைக்கிறோம். காரம் குறைவாக ஒன்று, கண்ணில் நீர் வரும்படி ஒன்று. நம்மில் ஒருவருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பது நினைவிருக்கிறது. அன்று வேர்க்கடலை வீட்டுக்குள்ளேயே வராது, கடலை எண்ணெயும் கிடையாது, நிம்மதியாகச் சாப்பிடலாம். வேறு யாருக்காவது டாக்டர் புதிதாக ஏதாவது நிறுத்தச் சொல்லியிருந்தால் எனக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். நமக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். "வேண்டாம் என்றுதான் சொல்வாள், நாம் வாங்கிக்கொண்டு போவோம்" என்று கடையில் நிற்காதீர்கள். போன முறை வந்த நான்கு சுவர்க் கடிகாரங்களில் மூன்று இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. வெறுங்கையோடு வரக் கை கூசுகிறவர்கள் ஐஸ் கட்டி ஒரு பை வாங்கி வாருங்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் ஒரு தட்டு ஐஸ் செய்வதற்குள் விடிந்துவிடும்.

குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். உள் அறையில் உடையக்கூடியதை எல்லாம் எடுத்து மேலே வைத்துவிடுகிறேன். சுவரில் கிறுக்கினாலும் பரவாயில்லை, எப்படியும் இந்த வருடம் வெள்ளையடிக்க வேண்டும். வீட்டில் வயதானவர்களைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்றால் அவர்களும் வரட்டும். அத்தையும் அன்று இங்கேதான் இருப்பார், அவருக்கும் பேச ஒரு துணை கிடைத்தமாதிரி இருக்கும். கணவர், மனைவி, இவர்களை அழைக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், அழைத்தாயிற்று. புதிதாக யாரையாவது அறிமுகப்படுத்த வேண்டியிருந்தால் (நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை) அவர்களையும் அழைத்து வாருங்கள். குறுக்கு விசாரணை இருக்காது. அதாவது, முதல் ஒரு மணி நேரத்துக்கு இருக்காது.

என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விளையாட்டு, போட்டி, ஒவ்வொருவராக எழுந்து நாலு வார்த்தை பேசுவது, எதுவும் கிடையாது. ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது, அதில் ஒரு ராணியைக் காணோம். மொட்டை மாடி இருக்கிறது, எட்டு மணிக்கு மேல் நல்ல காற்று வரும். மழை வந்தால் கூடத்தில் உட்காருவோம். இருக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் அன்று புடவை கட்டப் போவதில்லை, நீங்கள் யாராவது அலங்கரித்துக்கொண்டு வந்து என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

இந்த இரண்டு வருடத்தில் நம்மில் சிலருக்கு நல்லது நடந்திருக்கிறது, சிலருக்கு வருடம் கொஞ்சம் கடுமையாகப் போயிருக்கிறது. எதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பேசத் தோன்றினால் மொட்டை மாடி இருக்கிறது. பேசத் தோன்றாவிட்டால் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கலாம், "ஏன் டல்லாக இருக்கிறாய்" என்று யாரும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வழி: வீடு அதேதான், மாறவில்லை. ஆனால் வாசல் கேட் இப்போது பச்சை நிறம், நீலத்தைத் தேடிக்கொண்டு தெருவில் இரண்டு சுற்று சுற்றாதீர்கள். லிஃப்ட் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எங்களுடையது மூன்றாவது மாடி. முட்டி வலி உள்ளவர்கள் கீழே வந்ததும் ஒரு போன் செய்யுங்கள், லிஃப்ட் நின்றிருந்தால் அவர் கீழே வந்து பையை வாங்கிக்கொண்டு மெதுவாக மேலே கூட்டி வருவார். கார் நிறுத்த உள்ளே இரண்டு இடம்தான் இருக்கிறது, ஒரே பக்கத்திலிருந்து வருபவர்கள் சேர்ந்து வந்தால் நல்லது. வீட்டின் லொகேஷனை வெள்ளிக்கிழமை மறுபடி அனுப்புகிறேன்.

வியாழக்கிழமைக்குள் "வருகிறேன்" அல்லது "முடியவில்லை" என்று ஒரு வார்த்தை போடுங்கள். அரிசி எவ்வளவு போடுவது என்பதற்காக மட்டும்தான். முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். "பார்க்கலாம்" என்று எழுதுபவர்களை வருபவர்கள் கணக்கில்தான் சேர்ப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மனம் மாறி "வரலாமா" என்று கேட்டாலும் பதில் "வா" என்பதுதான்.

நாற்காலி ஆறு, முக்காலி இரண்டு, பக்கத்து வீட்டு நாற்காலி நான்கு. துணியை நான் மடித்துவிடுகிறேன்.

பி.கு.: போன முறை யாரோ விட்டுச் சென்ற கறுப்புக் குடை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. இரண்டு மழைக்காலம் நாங்கள்தான் உபயோகித்தோம். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.