பில்லிங் ஆப்: இப்போதைய நிலை

ஜூலை 10, பகல் 12:25 நிலவரம்

பில் போடலாம். ஜிஎஸ்டி அறிக்கை மட்டும் இப்போது எடுக்க முடியாது. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு நாளை கடைசி நாள் என்பதால் வேறு வேலைகளை நிறுத்திவிட்டு இதைத்தான் பார்க்கிறோம்.

பில், ஸ்டாக்: இயங்குகிறது

யுபிஐ க்யூஆர்: இயங்குகிறது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது, எங்கள் சர்வர் வழியாக அல்ல.

எஸ்எம்எஸ் பில்: மெதுவாக. சில எண்களுக்குப் போய்ச் சேர 10 நிமிடம் ஆகிறது. கோளாறு எங்களிடமா, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்திடமா என்று இன்னும் தெரியவில்லை.

ஜிஎஸ்டி அறிக்கை: நின்றிருக்கிறது

பகல் 12:25
நகல் டேட்டாபேஸை முதலிலிருந்து மறுபடி ஏற்றுகிறோம். மாலை 4 மணிக்குள் முடியலாம். உறுதி சொல்ல முடியாது. அவசரமாகத் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் ஆப்பில் ‘உதவி’யை அழுத்தி எழுதுங்கள், முதன்மை டேட்டாபேஸிலிருந்து கையால் எடுத்து அனுப்புகிறோம். அடுத்த தகவல் 1:30-க்கு. புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் அதை எழுதுவோம்.

காலை 11:40
காரணம் தெரிந்தது. அறிக்கைகள் தயாராவது டேட்டாபேஸின் நகலிலிருந்து. அந்த சர்வரில் டிஸ்க் நிரம்பி, 9:40-க்கு நகலெடுப்பு நின்றுவிட்டது. பில் எதுவும் தொலையவில்லை, எல்லாம் முதன்மையில் இருக்கின்றன.

ஆனால் 9:40-க்குப் பிறகு ஜூன் மாத பில் எதையாவது திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் அறிக்கையில் ஏறியிருக்காது. 9:40-லிருந்து 10:55 வரை எடுத்த அறிக்கையைப் பயன்படுத்தாதீர்கள். அதை வைத்துத் தாக்கலே செய்துவிட்டிருந்தால், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகத் திருத்தலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை 10:55
அறிக்கையில் திருத்தங்கள் வரவில்லை என்று ஒரு கடைக்காரர் போன் செய்தார். பார்த்தோம், உண்மைதான். தப்பான கணக்கு வெளியே போகக் கூடாது என்று அறிக்கை பட்டனை நிறுத்திவைத்திருக்கிறோம். எங்கள் அலாரம் அடிக்கவில்லை: நகல் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது, புது பில் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதில்லை.

இந்தச் சொற்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பொருள்

‘இயங்குகிறது’ என்றால் நாங்களே ஒரு சோதனை பில் போட்டு, அது சேமிக்கப்பட்டதைப் பார்த்தோம் என்று பொருள். ‘மெதுவாக’: வேலை முடியும், காத்திருக்க வேண்டும். ‘சிலருக்கு இல்லை’: எந்தக் கடைகளுக்கு என்று தெரிந்தவரை கூடவே எழுதுவோம். ‘நின்றிருக்கிறது’: யாருக்கும் இல்லை, அல்லது வருவதை நம்ப முடியாது. இன்றைய ஜிஎஸ்டி அறிக்கை நின்றிருப்பது, வருவதை நம்ப முடியாததால். திட்டமிட்ட பராமரிப்பு என்றால் 2 நாள் முன்பே சொல்லிவிடுவோம்.

99.9% நேரம் ஆப் இயங்கியது என்பதுபோல எதுவும் இங்கே போடுவதில்லை. 30 நாள் மாதத்தில் அது 43 நிமிட நிறுத்தத்துக்கு இடம் கொடுக்கும். அந்த 43 நிமிடம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் கடைக்காரருக்கு என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது. அதற்குப் பதில் ஒவ்வொரு கோளாறும் தொடங்கிய, முடிந்த நேரத்தோடு இங்கே கிடக்கும், அழிக்க மாட்டோம்.

இந்தப் பக்கம் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஆப் முழுதாக நின்றாலும் இது திறக்கும்.